'பழைய குத்தகையே நீடிக்கட்டும்' என்று கேட்பதற்கு முன்பு...

சம்பா அறுவடை முடிந்து, களத்தைக் கூட்டி அள்ளி, உளுந்தும் பறித்த பிறகு டெல்டா கிராமங்களில் குத்தகைப் பேச்சு தொடங்கும். ஜூலை 1-ல் புது பசலி பிறப்பதற்குள் 'இந்த வருஷமும் நீயே பார், அல்லது வேறு ஆளைப் பார்க்கிறேன்' என்ற முடிவு வந்துவிடும். அந்த இரண்டு மூன்று மாதங்களில் என் அலுவலகத்துக்கு விதை, உரம் கேட்டு வருகிறவர்களைவிட, 'சார், குத்தகையை ஏத்துறாங்க, என்ன சொல்றதுன்னு தெரியலை' என்று வருகிறவர்கள்தான் அதிகம். இந்த இதழுக்கு வரும் கேள்விகளிலும் அது அடிக்கடி வருகிறது: 'குத்தகையைக் கூட்டாமல் புதுப்பித்துத் தரும்படி நிலச்சொந்தக்காரருக்கு எப்படிக் கடிதம் எழுதுவது?'

என் சொந்த ஊரில் எனக்கும் 3 மா நிலம் இருக்கிறது. பங்காளி ஒருவர் குத்தகைக்குச் செய்கிறார். அதனால் இந்தப் பேச்சில் இரண்டு பக்கத்தையும் அறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். 2025 சித்திரையில் மன்னார்குடி பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு நடந்ததை அப்படியே சொன்னால் விஷயம் விளங்கும்.

அவர்கள் 9 வருடமாக 2 ஏக்கர் நஞ்சையைக் குத்தகைக்குச் செய்கிறார்கள். கணவன், மனைவி இரண்டு பேருமே வயலில் இறங்கி வேலை பார்ப்பவர்கள். நிலம் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மாவுடையது. அவர் மகனோடு சென்னையில் இருக்கிறார். குத்தகை, சம்பா ஒரு போகத்துக்கு ஏக்கருக்கு 8 மூட்டை நெல். 2022-ல் மூன்று வருடத்துக்கு என்று வாய்ப்பேச்சாக முடிவானது. கெடு முடிந்ததும் டீச்சரம்மாவின் மகன் போன் செய்து, 'பக்கத்து வயல் 11 மூட்டைக்குப் போகுதாம். நீங்களும் 11 கொடுங்க, இல்லைன்னா வேற ஆள் கேக்குறாங்க' என்று சொல்லியிருக்கிறார்.

குத்தகைக்காரத் தம்பி ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு பக்கம் முழுக்கக் கஷ்டம். உரம் விலை ஏறிவிட்டது, ஆள் கூலி ஏறிவிட்டது, மகள் கல்லூரியில் சேர வேண்டும், தாங்கள் பார்த்து மனது வைக்க வேண்டும் என்று இருந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கடிதத்தைச் சென்னையில் உட்கார்ந்து படிக்கிறவருக்கு, தன் நிலம் என்ன விளைகிறது என்று ஒரு வரிகூடத் தெரியாது. 'எல்லாருக்கும்தான் கஷ்டம்' என்று மடித்து வைத்துவிடுவார்.

'கண்டுமுதல் கணக்கு ஏதாவது இருக்கா தம்பி?' என்று கேட்டேன். அவர் விழித்தார். கூட வந்த மனைவிதான், 'இருக்கு சார்' என்று பையிலிருந்து பிள்ளையின் பழைய ரெட்டை வரி நோட்டை எடுத்தார். நான்கு வருடத்துக் கணக்கு அதில் இருந்தது. கூலி கொடுத்த நாள், உரக்கடை பாக்கி, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல், மோட்டார் காயில் கட்டிய செலவு எல்லாமே இருந்தது. கடிதத்துக்கு வேண்டிய அத்தனையும் அந்த நோட்டில்தான் இருந்தது.

முதலில் மூட்டை என்றால் எத்தனை கிலோ என்று கேட்டுக்கொண்டேன். இது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனால் பாதித் தகராறு இங்கேதான் பிறக்கிறது. கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ சிப்பம். ஊர்ப் பேச்சில் சில இடத்தில் 60 கிலோ மூட்டை, சில இடத்தில் 75 கிலோ. '8 மூட்டை' என்று ஒருவர் 60 கிலோவை நினைத்துச் சொல்ல, இன்னொருவர் 75 கிலோவை நினைத்துக் கேட்டால் ஏக்கருக்கு 120 கிலோ வித்தியாசம் வருகிறது. இவர்கள் பேசியது 60 கிலோ காய்ந்த நெல். அதையே கடிதத்தில் எழுதச் சொன்னேன்.

அடுத்தது கண்டுமுதல். 60 கிலோ மூட்டைக் கணக்கில் ஏக்கருக்கு 2021-22 சம்பாவில் 36 மூட்டை. 2022-23-ல் 24 மூட்டை. 2023 பிப்ரவரி தொடக்கத்தில் அறுக்கிற சமயத்தில் பெய்த மழையில் கதிர் சாய்ந்து முளைத்துப்போன வருடம் அது. 2023-24-ல் மேட்டூர் அணையை அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். போர்வெல் தண்ணீரை வைத்து 35 மூட்டை எடுத்திருக்கிறார்கள். 2024-25-ல் 37. மழையில் கெட்ட வருடத்தைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், சாதாரண வருடத்துக்கு 36 மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த 36 ஏன் முக்கியம் என்றால், தமிழ்நாட்டில் நியாயக் குத்தகைக்கு என்று 1956-லேயே சட்டம் வந்திருக்கிறது. இப்போதுள்ள அளவு, சாதாரண பருவத்தில் கிடைக்கும் மொத்த விளைச்சலில் நூற்றுக்கு 25 பங்கு. 36 மூட்டையில் கால் பங்கு 9 மூட்டை. ஆக, இவர்கள் கொடுத்துவரும் 8 மூட்டை அந்த அளவுக்கு ஒரு மூட்டை குறைவு. மகன் கேட்கும் 11 மூட்டை அதைவிட 2 மூட்டை அதிகம். இதைச் சொன்னதும் தம்பி, 'அப்போ சட்டத்தைக் காட்டியே எழுதிடலாமா சார்?' என்றார். 'எழுதலாம். ஆனா டீச்சரம்மா அதே சட்டத்தை வச்சு 9 மூட்டை கேட்டா, கொடுக்கத் தயாரா?' என்று கேட்டேன். அவர் பேசவில்லை. சட்டத்தின் அளவு இரண்டு பேருக்கும் பொதுவான அளவுகோல். அதைத் தெரிந்து மனதில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். எடுத்த எடுப்பில் அதை நீட்டினால், ஒன்பது வருட உறவு வழக்காக மாறிவிடும்.

மூன்றாவதாகச் செலவு. உழவு, வரப்பு, நாற்றங்கால், நடவு, உரம், களை, மருந்து, அறுவடை மிஷின், தூக்குக்கூலி எல்லாம் சேர்த்து நோட்டில் ஏக்கருக்கு 26,000 ரூபாய் வந்தது. அதில் நடவுக்கு மட்டும் 6,000. கணவன், மனைவி இருவரும் பார்த்த வேலைக்குக் கூலி போடவில்லை.

இப்போது இந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். 2024-25 பருவத்தில் சன்னரக நெல்லுக்கு அரசு கொள்முதல் விலை, ஊக்கத்தொகை சேர்த்து குவிண்டாலுக்கு 2,450 ரூபாய். 60 கிலோ மூட்டைக்கு 1,470 ரூபாய். சாதாரண வருடத்தில் 36 மூட்டைக்கு 52,920 ரூபாய் வரும். செலவு 26,000 போக 26,920. இதில் 8 மூட்டை குத்தகைக்கு 11,760 கொடுத்தால், ஒரு போகம் முழுக்க உழைத்த குடும்பத்துக்கு ஏக்கருக்கு 15,160 ரூபாய் நிற்கும். 11 மூட்டை கொடுத்தால் 16,170 போய், கையில் 10,750 நிற்கும். குறைவுதான், ஆனாலும் ஏதோ நிற்கிறது. 11 மூட்டைக்குத் தலையாட்டுகிற குத்தகைக்காரர்கள் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கெட்ட வருடத்துக்கும் அதே கணக்கைப் போட வேண்டும். 24 மூட்டை கண்டுமுதல் என்றால் இதே விலையில் 35,280 ரூபாய். செலவு போக மிச்சம் 9,280. அதில் 8 மூட்டை குத்தகை கட்டினாலே கையை விட்டு 2,480 ரூபாய் போடவேண்டும். 11 மூட்டை கட்டினால் ஏக்கருக்கு 6,890 நஷ்டம். 2 ஏக்கருக்கு 13,780. இந்தக் குடும்பம் 2023-ல் அப்படித்தான் செய்தது. மழையில் நெல் போன வருடமும் 8 மூட்டைக்கான பணத்தை, அந்த அம்மாவின் தோட்டை அடகு வைத்து அனுப்பியிருக்கிறார்கள். நிலச்சொந்தக்காரருக்கு அது தெரியவே தெரியாது. 'குத்தகை பாக்கி வெச்சா நிலம் போயிடும்னு பயந்தோம் சார்' என்றார் அவர்.

ஒரு குத்தகை தாங்குமா, தாங்காதா என்று பார்க்க நல்ல வருடத்துக் கணக்கு போதாது. நான்கைந்து வருடத்தில் மிகவும் குறைந்த கண்டுமுதல் எதுவோ, அதில் செலவையும் குத்தகையையும் கழித்துப் பாருங்கள். அந்தப் பள்ளத்தை மற்ற வருடங்களின் மிச்சம் மூடுகிறது என்றால் குத்தகை தாங்கும். மூடவில்லை என்றால், எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் கடனில்தான் முடியும்.

இனி, பலரும் கவனிக்காத ஒரு விஷயம். 'பழைய குத்தகையே' என்று கேட்கிறோமே, அந்தப் பழைய குத்தகை நெல்லா, பணமா? இரண்டுக்கும் பொருள் வேறு. நெல்லாகப் பேசியிருந்தால், மூட்டை மாறாவிட்டாலும் அதன் மதிப்பு தானாக ஏறுகிறது. 2021-22-ல் சன்னரகம் குவிண்டால் 2,060 ரூபாய், 60 கிலோ மூட்டை 1,236 ரூபாய். அன்றைக்கு 8 மூட்டை என்றால் 9,888 ரூபாய். 2024-25-ல் அதே 8 மூட்டை 11,760 ரூபாய். டீச்சரம்மாவுக்கு ஏக்கருக்கு 1,872 ரூபாய் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. குத்தகை ஏறவே இல்லை என்று மகன் நினைத்தார். உண்மையில் நூற்றுக்குப் பத்தொன்பது ஏறியிருக்கிறது. கடிதத்தில் இதை இரண்டே வரியில் எழுதினோம்.

பணக் குத்தகையில் நிலைமை தலைகீழ். 2022-ல் ஏக்கருக்கு 12,000 ரூபாய் என்று பேசியிருந்தால், அது அன்றைக்கு 9.7 மூட்டையின் விலை. 2025-ல் அதே 12,000 ரூபாய்க்கு 8 மூட்டைதான் வரும். அப்படிப்பட்டவர் 'பழைய பணமே போதும்' என்று கேட்டால், சொந்தக்காரர் கண்ணுக்கு அது குறைத்துக் கேட்பதுதான். அதில் தப்பில்லை. செலவு ஏறியிருக்கலாம், தண்ணீர் குறைந்திருக்கலாம். ஆனால் கேட்பது குறைப்பு என்று தெரிந்து, அதற்கான காரணத்தோடு கேட்க வேண்டும். பணக் குத்தகைக்காரர்களுக்கு நான் சொல்வது இதுதான்: நடைமுறையில் இருக்கும் பணத்தை மூட்டையாக மாற்றிக்கொள்ளுங்கள். 'இத்தனை மூட்டை, அந்தந்த வருடத்துக் கொள்முதல் விலையில் பணமாக' என்று பேசிவிட்டால், மூன்று வருடத்துக்கு ஒருமுறை வரும் இந்தச் சண்டை பெருமளவு தீரும்.

நான்காவது, குத்தகைக்காரர் நிலத்துக்குச் செய்தது. நோட்டில் மோட்டார் காயில் கட்ட 9,000 ரூபாய் செலவு இருந்தது. மோட்டார் டீச்சரம்மாவுடையது. அவரிடம் இவர்கள் சொல்லவும் இல்லை, கேட்கவும் இல்லை. வடக்கு வரப்பை உயர்த்தியது, வாய்க்கால் தலைப்பு வெட்டியது எதுவும் அவருக்குத் தெரியாது. சொல்லாமல் செய்த செலவு குத்தகைப் பேச்சில் வராது. செய்த வருடத்தையும் தொகையையும் எழுதச் சொன்னேன். திருப்பிக் கேட்கவில்லை, தகவலுக்கு என்று குறிப்பிட்டோம்.

கடைசியில் கடிதம் இப்படி அமைந்தது. உங்களுக்கும் உதவலாம்:

'வணக்கம் டீச்சரம்மா. தங்களுக்குச் சொந்தமான, சர்வே எண் ... உள்ள 2 ஏக்கர் நஞ்சையை 9 வருடமாகக் குத்தகைக்குச் செய்து வருகிறோம். ஏக்கருக்கு 60 கிலோ கொண்ட 8 மூட்டை காய்ந்த நெல் என்ற குத்தகையைப் பாக்கி இல்லாமல் கட்டியிருக்கிறோம். கடந்த நான்கு வருடக் கண்டுமுதல், செலவுக் கணக்கு இத்துடன் இருக்கிறது. மூட்டை மாறாவிட்டாலும் விலை ஏற்றத்தால் 2022-ல் 9,888 ரூபாயாக இருந்த குத்தகை இப்போது 11,760 ஆகியிருக்கிறது. 11 மூட்டை என்றால் மழையில் கெடும் வருடத்தில் எங்களால் கட்ட முடியாது. ஆகவே, இதே 8 மூட்டையில் மேலும் மூன்று வருடத்துக்குப் புதுப்பித்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். குத்தகைப் பணத்தை அந்த வருடத்துக் கொள்முதல் விலையில் மார்ச் 31-க்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்திவிடுகிறோம். வரப்பு, வாய்க்கால் பராமரிப்பு எங்கள் பொறுப்பு. மோட்டார் பழுது 2,000 ரூபாய்க்கு மேல் போனால் தங்களைக் கேட்டுச் செய்கிறோம். ஜூன் 10-க்குள் தங்கள் முடிவைச் சொன்னால் விதை வாங்க வசதியாக இருக்கும்.'

கூடவே நோட்டுக் கணக்கின் நகலை வைத்து அனுப்பினார்கள். பத்து நாள் கழித்து டீச்சரம்மாவே பேசினார். மகனுக்குத்தான் மூட்டைக் கணக்கு முக்கியமாம். அவருடைய மனக்குறை வேறு. 'குத்தகை என்னிக்கு வரும்னு ஒரு வருஷமும் தெரிஞ்சதில்லை. ஒரு வருஷம் மாசியில, ஒரு வருஷம் வைகாசியில. கேக்கவும் சங்கடமா இருக்கும். தேதி சொல்லியிருக்கீங்களே, அதுவே போதும்' என்று சொன்னாராம். தோட்டை அடகு வைத்த விஷயத்தைக் கேட்டு, 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்றும் கேட்டிருக்கிறார்.

முடிவு என்ன என்றால், இரண்டு வருடத்துக்கு 8 மூட்டையே. மூன்றாம் வருடம் கணக்கைப் பார்த்து 9 வரை பேசலாம் என்று மகன் ஒரு வரி சேர்த்தார். கேட்ட மூன்று வருடம் முழுசாகக் கிடைக்கவில்லை. மழையில் கண்டுமுதல் 25 மூட்டைக்குக் கீழே போனால் அந்த வருடம் 6 மூட்டை என்பதற்கு டீச்சரம்மா ஒப்புக்கொண்டார். அப்படிக் கெட்டால் அறுக்கும் முன்பே வயலைப் படம் எடுத்து அனுப்பவேண்டும் என்பது அவர் வைத்த நிபந்தனை. நியாயமான நிபந்தனைதான்.

இனிக்காத பக்கத்தையும் சொல்ல வேண்டும். இதைப் பத்திரமாக எழுதிக் கையெழுத்துப் போடலாமா என்று கேட்டபோது மகன் தயங்கினார். சொந்தக்காரர்களின் இந்தப் பயம் ஊர் முழுக்க இருக்கிறது. 1955-ன் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, தன் உழைப்பாலோ குடும்பத்தார் உழைப்பாலோ பயிர் செய்கிற குத்தகைக்காரரை, குத்தகை பாக்கி, நிலத்துக்குச் சேதம் போன்ற சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாமல் வெளியேற்ற முடியாது. 1969-ன் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி குத்தகைதாரர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவும் வழியுண்டு. எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்று சொந்தக்காரர்கள் நினைப்பது இதனால்தான். எழுத்து இல்லாததால் நஷ்டப்படுகிறவர் குத்தகைக்காரர். பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, கொள்முதல் நிலையப் பதிவு என்று எங்கே போனாலும் இந்த நிலத்தில் பயிர் வைத்திருப்பவர் நீங்கள்தான் என்பதற்கு அடங்கலோ சான்றோ கேட்பார்கள்.

இந்தக் குடும்பத்துக்குப் பத்திரம் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று விஷயங்கள் கிடைத்தன. சாகுபடி செய்வது இவர்கள்தான் என்று கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்ல டீச்சரம்மா சம்மதித்தார். குத்தகை இனி வங்கி வழியாகப் போகும், அதுவே ரசீது. கடிதத்துக்கு வந்த பதில் வாட்ஸ்அப்பில் எழுத்தாக இருக்கிறது. இவை பத்திரத்துக்கு ஈடாகாது. ஆனால் நாளைக்கு யாராவது 'நீ குத்தகைக்காரனே இல்லை' என்றால் காட்டுவதற்கு ஏதோ இருக்கும். கையில் ரொக்கமாகக் கொடுத்து ரசீது வாங்காமல் வருகிறவர்கள் இந்த ஒன்றையாவது மாற்றிக்கொள்ளுங்கள்.

சொந்தக்காரர் குத்தகையை வாங்கவே மறுத்து வெளியேறச் சொன்னால், அது கடிதத்தில் தீராது. பணத்தைச் சட்டப்படி டெபாசிட் செய்வது பற்றியும், வருவாய் நீதிமன்றத்தை அணுகுவது பற்றியும் தாசில்தார் அலுவலகத்திலோ இலவச சட்ட உதவி மையத்திலோ உடனே கேளுங்கள். அந்தச் சமயத்தில் குத்தகையைக் கட்டாமல் இருந்துவிடாதீர்கள். பாக்கி விழுந்தால், வெளியேற்றுவதற்கான காரணத்தை நாமே கையில் கொடுத்த மாதிரி ஆகிவிடும். கோயில், மடத்து நிலங்களுக்கு நடைமுறை வேறு. அவற்றை இந்தக் கணக்கோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கேள்வி அனுப்பிய வாசகர்களுக்கு ஒன்று. கடிதத்தை வைகாசி பிறப்பதற்குள் கொடுத்துவிடுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் வந்து, உழவு ஓட்டிய பிறகு பேசினால், போட்ட செலவுக்காகவே சொன்ன குத்தகைக்குத் தலையாட்ட வேண்டிவரும். கணக்கு நோட்டு இல்லாதவர்கள், கொள்முதல் நிலையத்தில் கொடுத்த ரசீதுகளைத் தேடி எடுத்து அதிலிருந்து தொடங்கலாம். அதில் தேதியும் எடையும் விலையும் அச்சாகியிருக்கும். வீட்டுக்கு எடுத்து வைத்த நெல்லையும் குத்தகையாக அளந்த நெல்லையும் அதோடு கூட்டினால், அந்த வருடத்துக் கண்டுமுதல் வந்துவிடும்.